தண்ணீர் அளவு வைத்திருக்கும் பெரியவருக்கு வயிற்றுப்போக்கு வந்தால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இதய பலவீனம் அல்லது சிறுநீரகக் கோளாறு உள்ள பெரியவர்களின் வீட்டார், வயிற்றுப்போக்கோ வாந்தியோ வந்த நாளில் எங்களுக்குப் போன் செய்து கேட்பவற்றை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்விகள் அவர்கள் கேட்ட மாதிரியே இருக்கின்றன. பதில்களில் உள்ள அளவுகள் பொதுவானவை. உங்கள் வீட்டுப் பெரியவரின் மருத்துவர் வேறு அளவு சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

அப்பாவுக்கு ஹார்ட் வீக். ஒரு நாளைக்கு ஒன்றரை லிட்டர்தான் குடிக்கணும்னு டாக்டர் சொல்லியிருக்கார். இப்ப நாலு தடவை வயித்தால போயிடுச்சு. ஓஆர்எஸ் கொடுக்கலாமா, கூடாதா?

கொடுக்கலாம், ஆனால் அளந்து கொடுக்க வேண்டும். ஒன்றரை லிட்டர் என்பது சாதாரண நாளுக்குப் போட்ட கணக்கு. சிறுநீர், வியர்வை, மூச்சு வழியாக வழக்கமாக வெளியேறும் நீரை மனதில் வைத்து மருத்துவர் அந்த அளவைச் சொல்லியிருப்பார். வயிற்றுப்போக்கில் போகும் நீர் அந்தக் கணக்கில் கிடையாது. அதை ஈடுகட்டாமல் ஒன்றரை லிட்டரிலேயே நிறுத்தினால் ரத்த ஓட்டம் குறைந்து முதலில் சிறுநீரகம் அடிவாங்கும்.

அதற்காக அளவையே மறந்துவிடவும் கூடாது. கூடுதலாகப் போனதற்குக் கூடுதலாகக் கொடுக்கிறோம், அவ்வளவுதான். எவ்வளவு போனது என்று தெரிந்தால்தான் எவ்வளவு கொடுப்பது என்று சொல்ல முடியும். அதனால் இந்தப் பக்கத்தில் எடை பார்க்கும் மெஷினைப் பற்றி நிறையப் பேசப் போகிறோம்.

ஓஆர்எஸ்ல உப்பு இருக்கே? உப்பே சேர்க்கக்கூடாதுன்னு சொல்லிட்டு உப்புத்தண்ணி குடிக்கச் சொல்றீங்களே?

சந்தேகம் நியாயமானதுதான். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி ஒரு லிட்டர் ஓஆர்எஸ்ஸில் 2.6 கிராம் சாதாரண உப்பும், சிட்ரேட் என்னும் இன்னொரு சோடியம் உப்பு 2.9 கிராமும் இருக்கின்றன. இரண்டிலும் உள்ள சோடியத்தைச் சேர்த்தால் நான்கு கிராமுக்குச் சற்று மேற்பட்ட சமையல் உப்புக்குச் சமம். இதய நோயாளி ஒருவருக்கு நாள் முழுவதற்கும் அனுமதிக்கும் உப்பே பெரும்பாலும் ஐந்து கிராம் அளவுதான்.

ஆனால் வயிற்றுப்போக்கில் வெறும் தண்ணீர் மட்டும் போவதில்லை, உப்பும் சேர்ந்தே போகிறது. வெறும் தண்ணீரையே கொடுத்துக்கொண்டிருந்தால் ரத்தத்தில் சோடியம் இறங்கிவிடும். தண்ணீர் மாத்திரை சாப்பிடும் முதியவர்களுக்கு அது ஏற்கனவே குறைவாக இருக்க வாய்ப்பு உண்டு. இன்னும் இறங்கினால் தடுமாற்றம், உளறல், மயக்கம் வரை போகலாம். இன்னொரு காரணமும் உண்டு. குடல் உப்பையும் குளுக்கோஸையும் ஜோடியாகத்தான் உள்ளே இழுக்கிறது, அந்த ஜோடியின் பின்னாலேயே தண்ணீரும் போகிறது. பேதி நேரத்திலும் இந்த வழி அடைபடுவதில்லை. போன உப்பைத்தான் திருப்பிக் கொடுக்கிறோம். பேதி நின்றபின் குடிக்கும் ஓஆர்எஸ்தான் அதிகப்படி உப்பு.

உடம்புல தண்ணி குறைஞ்சிருக்குன்னு எப்படித் தெரிஞ்சுக்கறது? தாகமே இல்லைன்னு சொல்றாங்க.

வயதானால் தாகம் மங்கிவிடும். தாகம் இல்லை என்பதை வைத்து எந்த முடிவுக்கும் வராதீர்கள். தோலைக் கிள்ளிப் பார்ப்பதும் முதியவர்களிடம் உதவாது, சதை வற்றிய தோல் எப்போதுமே மெதுவாகத்தான் திரும்பும். வாயால் மூச்சு விடுபவருக்கு நாக்கும் எப்போதும் உலர்ந்துதான் இருக்கும்.

நம்பக்கூடியது எடை. ஓரிரு நாளில் எடை ஒரு கிலோ மாறினால், அது கிட்டத்தட்ட ஒரு லிட்டர் தண்ணீர்தான். கொழுப்போ சதையோ அந்த வேகத்தில் மாறாது. காலையில் சிறுநீர் கழித்தபின், சாப்பிடும் முன், அதே மாதிரியான உடையில், அதே மெஷினில் பாருங்கள். நோய் வராத நாட்களின் எடை தெரிந்திருந்தால்தான் இது பயன்படும். அதனால் தினமும் காலண்டரில் குறித்து வைக்கச் சொல்கிறோம்.

எடையோடு பிபியும் பாருங்கள். முதலில் உட்கார வைத்து ஒரு தடவை, பிறகு எழுப்பி ஒரு நிமிடம் கழித்து, மூன்று நிமிடம் கழித்து. மேல் எண் 20 அல்லது அதற்கு மேல் இறங்கினாலோ, நிற்கும்போது தலை சுற்றினாலோ, நாடித்துடிப்பு வெகுவாக ஏறினாலோ நீர் குறைந்திருக்க வாய்ப்பு அதிகம். பக்கத்தில் ஒருவர் பிடித்துக்கொள்ள இருந்தால் மட்டும் நிற்க வையுங்கள்.

எங்க பாட்டி படுத்த படுக்கை. எடை மெஷின்ல நிக்க முடியாது. என்ன பண்றது?

அப்படியானால் வெளியே போவதை அளக்க வேண்டும். டயப்பர் போடுபவர் என்றால், புது டயப்பரைச் சமையலறைத் தராசில் எடை பாருங்கள், கழற்றியதையும் ஒரு பையில் போட்டு எடை பாருங்கள். வித்தியாசம் 200 கிராம் என்றால் போனது சுமார் 200 மி.லி. பெட்பேன் வைப்பவர் என்றால், பழைய பிளாஸ்டிக் குவளை ஒன்றில் கோடு போட்டு அதற்கென்றே ஒதுக்கி அளக்கலாம். அருவருப்பாக இருக்கும், தெரியும். ஆனால் “நிறையப் போச்சு” என்று போனில் சொல்வதை வைத்து யாராலும் அளவு சொல்ல முடியாது. 80 மி.லி. போனதையும் 400 மி.லி. போனதையும் வீட்டார் அதே வார்த்தையில்தான் சொல்கிறார்கள்.

சரி, எவ்வளவுதான் கொடுக்கணும்? ஒரு அளவு சொல்லுங்க.

இரண்டு பகுதியாக யோசியுங்கள். ஏற்கனவே போனது ஒன்று, இனி போகப்போவது ஒன்று.

இனி போவதற்கு, ஒவ்வொரு முறை போனபின்னும் போன அளவுக்கு ஓஆர்எஸ். அளக்க முடியாவிட்டால் 100 மி.லி.யில் தொடங்குங்கள். திடகாத்திரமான பெரியவருக்கு ஒரு முழு டம்ளர் என்று தாராளமாகச் சொல்லிவிடலாம், இவர்களுக்கு அந்தத் தாராளம் வேண்டாம். ஏற்கனவே போனதற்கு, வழக்கமான எடையிலிருந்து குறைந்திருப்பதில் பாதியை மட்டும் எட்டு முதல் பன்னிரண்டு மணி நேரத்தில் பிரித்துக் கொடுங்கள். மீதிப் பாதியை அவசரப்பட்டுக் கொடுக்க வேண்டாம். மறுபடி எடை பார்த்து, மூச்சைக் கவனித்த பிறகு அதை முடிவு செய்யலாம். கொஞ்சம் குறைவாக இருந்தால் நாளை சேர்க்க முடியும், நுரையீரலுக்குள் போன நீரை வீட்டில் வைத்து எடுக்க முடியாது.

கஞ்சி, ரசம், மோர், காபி, மாத்திரை விழுங்கும் தண்ணீர் எல்லாமே கணக்கில் சேரும். அன்றைக்குக் காபியையும் வெறும் தண்ணீரையும் குறைத்து அந்த இடத்தில் ஓஆர்எஸ்ஸை வைத்தால், மொத்தம் ரொம்ப ஏறாது. வீட்டு டம்ளர் எவ்வளவு பிடிக்கும் என்று ஒரு தடவை அளந்து பாருங்கள். 120 மி.லி. பிடிப்பதும் 250 மி.லி. பிடிப்பதும் ஒரே அலமாரியில்தான் இருக்கும்.

ஒரு உதாரணம் சொன்னா புரியும்.

72 வயது அம்மா ஒருவர் என்று வைத்துக்கொள்வோம். இதயத்தின் இறைக்கும் திறன் 30 சதவீதம், நாளுக்கு ஒன்றரை லிட்டர், வழக்கமான எடை 58 கிலோ. நள்ளிரவிலிருந்து ஐந்தாறு முறை நீராகப் போயிருக்கிறது. காய்ச்சல் இல்லை, ரத்தம் இல்லை, தெளிவாகப் பேசுகிறார். காலை எடை 56.6. உட்கார்ந்தால் பிபி மேல் எண் 110, நின்றால் 96. வழக்கமாக 120 இருக்கும். ஆக 1.4 லிட்டர் குறைந்திருக்கிறது. மகள் மருத்துவருக்குப் போன் செய்ய, அவர் அன்றைய தண்ணீர் மாத்திரையையும் வேறு சில மாத்திரைகளையும் நிறுத்தச் சொல்கிறார். மாத்திரைகள் பற்றிப் பின்னால் வருகிறது.

1.4 லிட்டரில் பாதி 700 மி.லி. அதை எட்டு மணி நேரத்தில் பிரித்தால் மணிக்கு 90 மி.லி.க்குச் சற்றுக் குறைவு, அதாவது சின்ன டம்ளரில் முக்கால். பகலில் இன்னும் நான்கு முறை போகிறது, ஒவ்வொன்றும் சுமார் 150 மி.லி. அதற்கு 600 மி.லி. ஆக ஓஆர்எஸ் மட்டும் 1.3 லிட்டர். கஞ்சியும் ரசமும் சேர்ந்து 400 மி.லி. மொத்தம் 1.7 லிட்டர். எழுதி வைத்த அளவைத் தாண்டிவிட்டோம் என்று மகளுக்குப் பயம். ஆனால் மாலை ஆறு மணிக்கு எடை 57.1தான். குடித்ததில் பெரும்பகுதி பேதியிலும் சிறுநீரிலும் வியர்வையிலும் போய்விட்டது, உடம்பில் தங்கியது அரை லிட்டர். நிற்கும்போது பிபி 106, தலைசுற்றல் இல்லை, தலையணை ஒன்றே போதுமாக இருக்கிறது.

அதற்குமேல் ராத்திரி ஓஆர்எஸ்ஸைத் திணிக்கவில்லை. இரண்டு முறை போனதற்கு மட்டும் அந்தந்த அளவு. மறுநாள் காலை 57.4. பேதி நின்றுவிட்டது, ஓஆர்எஸ்ஸும் அத்தோடு நின்றது, பழைய ஒன்றரை லிட்டருக்குத் திரும்பினார்கள். மூன்றாம் நாள் 57.9. அன்று மருத்துவரைக் கேட்டுத் தண்ணீர் மாத்திரை மறுபடி தொடங்கியது. 58ஐ ஒரே நாளில் எட்டிப்பிடிக்க யாரும் முயலவில்லை என்பதைக் கவனியுங்கள்.

தண்ணி குறைச்சலாதானே குடிக்கணும்? ஒரு லிட்டர் பாக்கெட்டை அரை லிட்டர் தண்ணியில கலந்தா சத்து அதிகமா கிடைக்குமே?

இதை மட்டும் செய்யாதீர்கள். அக்கறையோடு செய்யப்படும் தவறுகளில் இதுதான் அதிகம் கெடுதல் செய்வது. ஓஆர்எஸ்ஸின் செறிவு ரத்தத்தின் செறிவைவிடச் சற்றுக் குறைவாக இருக்கும்படி அமைத்திருக்கிறார்கள். அதனால்தான் அது குடலிலிருந்து உள்ளே போகிறது. இரட்டிப்பாகக் கலந்தால் எதிர்த்திசையில், உடம்பிலிருந்து குடலுக்குள் தண்ணீர் இழுக்கப்படும். பேதி அதிகமாகும், ரத்தத்தில் உப்பு ஏறும், அப்புறம் அடங்காத தாகம் வரும். தாகம் வந்தால் தண்ணீர் அளவும் காற்றில் போகும்.

குறைவாகக் கொடுக்க வேண்டுமானால் சரியாகக் கலந்து குறைவாகக் கொடுங்கள். பாக்கெட்டின் மேல் ஒரு லிட்டருக்கா 200 மி.லி.க்கா என்று பார்த்து அந்த அளவு ஆறிய குடிநீரில் முழுப் பாக்கெட்டையும் கலக்குங்கள். இவர்களுக்கு 200 மி.லி. பாக்கெட்டே வசதி. பெரிய பாக்கெட்டைக் கண்ணளவில் பாதியாகப் பிரிக்க வேண்டாம். உப்பும் குளுக்கோஸும் பொடியில் ஒரே சீராகப் பரவியிருக்காது. கலந்ததை 24 மணி நேரத்துக்குள் முடித்துவிட வேண்டும், மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். கலந்தபின் கொதிக்க வைக்கக் கூடாது.

குடிச்ச உடனே வாந்தி எடுத்துடறார். எப்படிக் கொடுக்கறது?

பத்து நிமிடம் விட்டுவிடுங்கள். பிறகு இரண்டு நிமிடத்துக்கு ஒரு டீஸ்பூன். குறைவாகத் தெரியும், ஆனால் 5 மி.லி. வீதம் மணிக்கு 150 மி.லி. ஆகிவிடுகிறது. முன்னால் சொன்ன அம்மாவுக்குத் தேவைப்பட்டதைவிட அதிகம். சாய்ந்து உட்கார வைத்துக் கொடுங்கள், படுக்க வைத்து ஊற்றாதீர்கள். பக்கவாதம் வந்து விழுங்கச் சிரமப்படுபவராக இருந்தாலோ அரைத் தூக்கத்தில் இருந்தாலோ வாயில் எதுவும் ஊற்ற வேண்டாம், மருத்துவமனைக்குக் கொண்டு போங்கள். சில மணி நேரத்துக்கு மேல் ஸ்பூன் அளவும் தங்கவில்லை என்றாலும் அப்படியே.

தினமும் போடற மாத்திரையை அன்னைக்கும் போடலாமா?

குடிப்பதைப் போலவே இதுவும் முக்கியம், ஆனால் பெரும்பாலானோர் கேட்பதே இல்லை. வயிற்றுப்போக்கோ வாந்தியோ இருக்கும் நாளில் சில மாத்திரைகள் சிறுநீரகத்துக்குப் பெரிய சுமையாகிவிடும். பிருசெமைடு, டோர்செமைடு போன்ற தண்ணீர் மாத்திரைகள் போன நீருக்கு மேல் இன்னும் வெளியேற்றும். ஸ்பைரோனோலாக்டோன் பொட்டாசியத்தை ஏற்றும். எனலாப்ரில், ராமிப்ரில், டெல்மிசார்டன், லோசார்டன், சாகுபிட்ரில் சேர்ந்த மாத்திரை ஆகியவை, ரத்த ஓட்டம் குறைந்த நேரத்தில் சிறுநீரகம் தன்னைக் காத்துக்கொள்ளும் வழியைத் தடுக்கும். டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் சிறுநீரில் சர்க்கரையோடு நீரையும் வெளியேற்றுவதோடு, சாப்பிடாத நாளில் ரத்தத்தில் அமிலம் சேரவும் காரணமாகலாம். அப்போது சர்க்கரை அளவு சாதாரணமாகவே காட்டலாம் என்பதால் ஏமாந்துவிடுவோம். மெட்ஃபார்மினையும் இந்த வரிசையில் சேருங்கள்.

அன்றைய வேளை மாத்திரையை விழுங்கும் முன் மருத்துவரைக் கேளுங்கள். பெரும்பாலும் ஓரிரு நாள் நிறுத்தச் சொல்வார்கள். நீங்களாகவே மொத்த டப்பாவையும் மூடி வைக்க வேண்டாம். மெட்டோபிரோலால், கார்வெடிலால் போன்றவற்றைத் திடீரென்று நிறுத்தக் கூடாது. இன்சுலினையும் ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரைகளையும் கேட்காமல் விடக் கூடாது. டிகாக்சின் சாப்பிடுபவர் என்றால் போன் செய்யும்போது முதலிலேயே அதைச் சொல்லுங்கள், சிறுநீரகம் மந்தமானால் அது உடம்பில் தேங்கி விஷமாகும். உடம்பு வலிக்கிறது என்று டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் எதையும் கொடுத்துவிடாதீர்கள்.

சுகர் இருக்கு. ஓஆர்எஸ்ல குளுக்கோஸ் இருக்கே?

200 மி.லி.யில் 2.7 கிராம்தான். இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட காபியில் இதைப்போல் மூன்று மடங்கு இருக்கும். அந்தக் குளுக்கோஸ் இல்லாவிட்டால் உப்பும் தண்ணீரும் நன்றாக உள்ளே போகாது என்று மேலே பார்த்தோம், அதனால் சர்க்கரை இல்லாத மாற்று தேட வேண்டாம். கவலைப்பட வேண்டியது வேறொன்று. சாப்பாடு இறங்காத நாளில் கிளிமிப்பிரைடு போன்ற மாத்திரையோ வழக்கமான அளவு இன்சுலினோ போட்டால் சர்க்கரை தடாலென்று இறங்கும். நான்கு மணி நேரத்துக்கு ஒரு தடவை விரலில் குத்திப் பாருங்கள்.

கிட்னி பேஷண்டுக்கு இளநீர் நல்லதுதானே? இயற்கையானது.

அவர்களுக்கு வயிற்றுப்போக்கு நேரத்தில் இளநீர் வேண்டாம். 300 மி.லி. தேறும் ஒரு இளநீரில் 600 மி.கிராமை ஒட்டிய பொட்டாசியம் இருக்கும். அதே 300 மி.லி. ஓஆர்எஸ்ஸில் 230 சொச்சம்தான். ஈடுகட்ட வேண்டிய சோடியமோ இளநீரில் குறைவு. வேண்டியது குறைவாகவும் வேண்டாதது அதிகமாகவும் இருக்கிறது. நீர் வற்றிச் சிறுநீர் குறையும் நேரத்தில் சிறுநீரகத்தால் பொட்டாசியத்தை வெளியேற்ற முடியாது. பொட்டாசியம் ஏறுவது வெளியில் தெரியாது. தெரியும்போது இதயத் துடிப்பே தடுமாறியிருக்கும். ஸ்பைரோனோலாக்டோன் சாப்பிடும் இதய நோயாளிக்கும் இதே எச்சரிக்கைதான். வாழைப்பழம், ஆரஞ்சுச் சாறு, சாத்துக்குடிச் சாறு எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

ஓஆர்எஸ்ஸிலும் பொட்டாசியம் இருக்கிறதே என்றால், இருக்கிறது. பேதியில் பொட்டாசியமும் போகும் என்பதால்தான் சேர்த்திருக்கிறார்கள். சிறுநீர் ஓரளவு போகிறது, கடைசிப் பரிசோதனையில் பொட்டாசியம் சரியாக இருந்தது என்றால் அளவோடு கொடுக்கலாம். ஏற்கனவே பொட்டாசியம் அதிகம் என்று சொல்லப்பட்டவருக்கு, ஓஆர்எஸ் தொடங்கும் முன் சிறுநீரக மருத்துவரிடம் பேசிவிடுங்கள்.

அப்ப வீட்டுலயே உப்பு சர்க்கரை கலந்து கொடுத்தா பொட்டாசியம் இருக்காதே?

இருக்காது. அதனால் பாக்கெட் கிடைக்காத ராத்திரியிலோ பொட்டாசியம் அதிகம் உள்ளவருக்கு மருத்துவர் சொன்னாலோ இது உதவும். ஒரு லிட்டர் தண்ணீருக்குத் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, தலைதட்டிய அரை டீஸ்பூன் உப்பு. ஸ்பூன்தான் இதில் சிக்கல். உப்புக்கு மேசைக்கரண்டியை எடுத்துவிட்டால் மூன்று மடங்காகிவிடும். கலந்தபின் ருசி பாருங்கள். கண்ணீரைவிட உப்புக் கரித்தால் கொட்டிவிட்டு மறுபடி கலக்குங்கள். உப்புப் போட்ட நீர்த்த அரிசிக் கஞ்சியும் நல்ல மாற்றுதான், முதியவர்கள் அதை மறுக்காமல் குடிப்பார்கள்.

உப்பு என்று சொன்னது சாதாரணச் சமையல் உப்பை. “சோடியம் குறைந்த உப்பு” என்று விற்கும் பாக்கெட்டில் சோடியத்துக்குப் பதில் பொட்டாசியம் சேர்த்திருப்பார்கள். சிறுநீரக நோயாளி வீட்டில் அது இருக்கவே கூடாது என்பது என் கருத்து. இந்துப்பும் பெரும்பகுதி அதே சோடியம் உப்புதான், அதில் தனிச் சலுகை எதுவும் இல்லை.

மெடிக்கல்ல ஓஆர்எஸ்னு கேட்டா ஜூஸ் மாதிரி டப்பா கொடுத்தாங்க. அது பரவாயில்லையா?

டப்பாவைத் திருப்பி லேபிளைப் படியுங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி தயாரித்தது என்று இல்லாவிட்டால் வாங்காதீர்கள். பழ வாசனையோடு வரும் பல பானங்களில் சர்க்கரை மிக அதிகம், சோடியம் குறைவு. சர்க்கரை அதிகமானால் இரட்டிப்பாகக் கலந்த பாக்கெட்டைப் போலத்தான் குடலில் வேலை செய்யும். அந்த அளவுக்கு ஒத்துவராத பானங்கள் தங்கள் பெயரில் ஓஆர்எஸ் என்ற சொல்லைப் பயன்படுத்தக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2025 அக்டோபரில் உத்தரவிட்டது. பொடியாக வரும் பாக்கெட்டைக் கேட்டு வாங்குவதே எளிது.

பேதியெல்லாம் இல்லை. வெயிலுக்கு அம்மா சோர்ந்து போறாங்க. தினம் ஒரு ஓஆர்எஸ் கொடுக்கலாமா?

வேண்டாம். அக்னி நட்சத்திர வெயிலில் வியர்ப்பது உண்மைதான், ஆனால் வீட்டில் இருக்கும் முதியவரின் வியர்வையில் போகும் உப்பைச் சாப்பாடே ஈடுகட்டிவிடும். தினமும் ஓஆர்எஸ் குடித்தால் கால் வீங்கி மூச்சு வாங்கத் தொடங்கும். கடும் வெயில் நாட்களில் தண்ணீர் அளவைக் கொஞ்சம் உயர்த்தலாமா, தண்ணீர் மாத்திரையைக் குறைக்கலாமா என்று மருத்துவரைக் கேளுங்கள். காலை எடை தொடர்ந்து இறங்குகிறதா என்பதுதான் அதற்கும் ஆதாரம். எடை மாறாமல் சோர்வு மட்டும் என்றால் பிபி, சர்க்கரை, சோடியம் என்று வேறு பக்கம் தேட வேண்டும்.

கால் ரெண்டும் வீங்கியிருக்கு, ஆனா பேதியும் போகுது. உடம்புல தண்ணி கூடவா, குறைவா?

இரண்டும் ஒரே நேரத்தில் இருக்கலாம். காலில் இருப்பது ரத்தக் குழாய்க்கு வெளியே, திசுக்களில் தேங்கிய நீர். பேதியில் குறைவது குழாய்க்குள் ஓடும் ரத்தத்தின் நீர். வெளியே தேங்கியது உள்ளே திரும்பி வரும், ஆனால் பேதி போகும் வேகத்துக்கு அது ஈடுகொடுக்காது. ஆகவே கால் வீக்கத்தைப் பார்த்து, நீர் நிறைய இருக்கிறது, கொடுக்கத் தேவையில்லை என்று முடிவு செய்யாதீர்கள். எழுந்து நிற்கும்போது பிபி விழுகிறதா என்பதுதான் இங்கே வழிகாட்டும். இப்படிப்பட்டவருக்கு வீட்டில் கணக்குப் போடுவதைவிட அன்றே மருத்துவர் பார்ப்பது நல்லது, எடையை மட்டும் நம்ப முடியாத நிலை இது.

இவ்வளவு கணக்கு எதுக்கு? பக்கத்து கிளினிக்ல ஒரு பாட்டில் குளுக்கோஸ் ஏத்திட்டா சரியாயிடாதா?

நரம்பு வழியே போகும் பாட்டிலுக்குத் தடுப்பு எதுவும் இல்லை. அரை லிட்டர் அரை மணி நேரத்தில் இறங்கினால், பலவீனமான இதயத்துக்கு அது நுரையீரல் நிரம்பும் ஆபத்து. வாய் வழியாகக் கொடுக்கும்போது குடல் மெதுவாக உறிஞ்சுகிறது, இடையில் நிறுத்திப் பார்க்கவும் முடிகிறது. மேலும், குளுக்கோஸ் பாட்டிலில் உப்பே கிடையாது. பேதிக்கு அது பொருத்தமான பாட்டிலும் அல்ல.

விழுங்க முடியாதவருக்கும் பிபி விழுந்தவருக்கும் டிரிப் கட்டாயம் தேவைப்படும். அது கண்காணிக்க வசதியுள்ள மருத்துவமனையில் நடக்கட்டும். டியூட்டி டாக்டர் யாராக இருந்தாலும், இதயத்தின் இறைக்கும் திறன் எவ்வளவு, தண்ணீர் அளவு எவ்வளவு, வழக்கமான எடை எவ்வளவு என்ற மூன்றையும் ஊசி குத்தும் முன்பே சொல்லுங்கள்.

அதிகமா கொடுத்துட்டோமான்னு எப்படித் தெரியும்?

மூச்சைப் பாருங்கள். ஒரு தலையணையில் படுத்தவர் இரண்டு கேட்கிறாரா, படுத்ததும் இருமுகிறாரா, தூக்கத்திலிருந்து மூச்சு வாங்கி எழுந்து உட்காருகிறாரா. எடை வழக்கமான அளவைத் தாண்டி ஏறினாலும் கொடுப்பதை நிறுத்திவிட்டு மருத்துவரைக் கூப்பிடுங்கள். நுரை நுரையாகச் சளி வந்தாலோ, பேச முடியாமல் மூச்சு வாங்கினாலோ உட்கார்ந்த நிலையிலேயே வைத்து 108க்குப் போன் செய்யுங்கள்.

எப்ப வீட்டு வைத்தியத்தை விட்டுட்டு ஆஸ்பத்திரிக்கு ஓடணும்?

மேலே சொன்ன மூச்சுத் திணறல் தவிர, பேச்சில் குழப்பம், மலத்தில் ரத்தம், காய்ச்சல், பிபி மேல் எண் 90க்குக் கீழ், எட்டு மணி நேரமாகச் சிறுநீர் இல்லாமை, எடை இரண்டு கிலோவுக்கு மேல் குறைவு. இதில் ஒன்று இருந்தாலும் தாமதிக்க வேண்டாம். எதுவும் இல்லாமல் பேதி மட்டும் 24 மணி நேரத்தைத் தாண்டினாலும், கிரியேட்டினின், சோடியம், பொட்டாசியம் மூன்றையும் ரத்தத்தில் பார்த்துவிட வேண்டும். வெளியே நன்றாக இருப்பவரிடமும் அவை மாறியிருக்கும்.

அப்பா டயாலிசிஸ்ல இருக்கார். சிறுநீரே கிடையாது. அவருக்கும் இதே கணக்கா?

இல்லை. சிறுநீர் வராதவருக்கு அதிகமாகக் கொடுத்தது அடுத்த டயாலிசிஸ் வரை உடம்பிலேயே இருக்கும். பொட்டாசியமும் அப்படியே. அதே நேரம், டயாலிசிஸ் முடிந்தபின் இருக்க வேண்டிய எடைக்கும் கீழே போனால் பிபி விழும், கையில் வைத்த ஃபிஸ்டுலா அடைத்துக்கொள்ளக்கூட வாய்ப்பு உண்டு. எனவே முதல் வேலை டயாலிசிஸ் யூனிட்டுக்குப் போன். இன்றைய எடை, கடைசி டயாலிசிஸ் முடிந்தபோது இருந்த எடை, எத்தனை முறை போனது, இவை மூன்றையும் சொல்லுங்கள்.

எடை இன்னும் அந்த அளவுக்கு மேலேயே இருந்தால் எதையும் கூடுதலாகக் கொடுக்கத் தேவை இருக்காது. இரண்டு டயாலிசிஸுக்கு இடையே சேர்ந்திருந்த நீர்தான் போகிறது. கீழே இறங்கியிருந்தால் என்ன திரவம், எவ்வளவு என்று அவர்கள் சொல்வார்கள். ஃபிஸ்டுலா மேல் கை வைத்து அந்த அதிர்வு இருக்கிறதா என்று காலையும் மாலையும் தொட்டுப் பாருங்கள். இல்லை என்றால் அன்றே போக வேண்டும். அடுத்த டயாலிசிஸைப் பேதியைக் காரணம் சொல்லித் தள்ளிப்போட வேண்டாம், ஆனால் எவ்வளவு நீர் எடுப்பது என்பதை அன்றைய எடையைப் பார்த்து மாற்றச் சொல்லுங்கள்.

பேதி நின்னுடுச்சு. நிறுத்தின மாத்திரையை எப்ப ஆரம்பிக்கறது?

வழக்கம்போல் சாப்பிட்டுக் குடிக்கத் தொடங்கி 24 முதல் 48 மணி நேரம் ஆனபின், மருத்துவரைக் கேட்டு. தண்ணீர் அளவு பேதி நின்ற அன்றே பழையபடி ஆகிவிட வேண்டும். “உடம்பு தேறட்டும்” என்று இன்னும் நான்கு நாள் ஓஆர்எஸ் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், அது வேண்டாம்.

மறந்துபோவதுதான் இங்கே பெரிய பிரச்சினை. இரண்டு நாளுக்கு என்று நிறுத்திய தண்ணீர் மாத்திரை இரண்டு வாரம் கழித்தும் டப்பாவிலேயே இருக்கும், அவர் கால் வீங்கி மூச்சு வாங்கி வருவார். அதனால் நிறுத்தும் அன்றே, மறுபடி கேட்க வேண்டிய தேதியை எடை எழுதும் காலண்டரிலேயே மாத்திரையின் பெயரோடு எழுதிவிடுங்கள். மாத்திரை தொடங்கி ஒரு வாரத்துக்குள் கிரியேட்டினினும் பொட்டாசியமும் ஒருமுறை பார்க்கச் சொல்வார்கள், அதையும் அதே இடத்தில் குறித்து வையுங்கள்.